யார் சொல்லி எது மாறியது

சோளகம் ஓய்ந்து கடல் படியத் தொடங்கும் புரட்டாதிக் கடைசியில், உடப்பில் பதினான்கு பேருடைய கைத்தொலைபேசிக்கு ஒரே நாளில் ஒரே கடிதம் வந்தது. கடல் வானிலையைத் தமிழில் சொல்லும் செயலி ஒன்று அன்று பொதுவெளியீடு கண்டிருந்தது. அதற்கு முந்திய இரண்டு மாதங்கள் அந்தச் செயலியின் பீட்டாப் பதிப்பை, அதாவது எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன் சிலரிடம் கொடுத்துப் பார்க்கும் பதிப்பை, எங்கள் ஊரில் பதினான்கு பேர் பாவித்துக் குறை நிறை சொல்லியிருந்தார்கள். அவர்கள் வாயால் சொன்னதை எழுதி அனுப்பும் வேலை என்னுடையது. அதனால் கடிதம் எனக்கும் வந்தது. முதல் பத்தியில் நன்றி. அதன் கீழே, ‘உங்கள் கருத்துகளால் நாங்கள் செய்த மாற்றங்கள்’ என்று ஒன்பது வரிகள். கடைசியில் பதினான்கு பெயர்கள்.

அன்று மாலை கரையில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் அதை நான் வாசித்துக் காட்டினேன். ஒன்பது வரியையும் கேட்டு முடித்த ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, இதுல நாங்க சொன்னது எங்க இருக்கு?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பீட்டாச் சோதனை செய்தவர்களுக்கு வெளியீட்டின் பின் நன்றி சொல்லி, அவர்களால் என்ன மாறியது என்று பட்டியலிடுவது மென்பொருள் உலகில் நெடுநாளைய வழக்கம். நல்ல வழக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை எழுதும் முறையில் பிழை நேர்ந்தால், எழுதாமல் விட்டிருந்தால் வந்திருக்காத கேடும் வரலாம். கடலுக்குப் போகிறவர்கள் வாசிக்கும் பட்டியல் என்றால் அது உயிரோடு சம்பந்தப்பட்ட கேடு.

கடிதத்தின் மூன்றாவது வரி, ‘காற்றுக் காட்டி மேம்படுத்தப்பட்டது’ என்றிருந்தது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததைச் சொல்கிறேன். பீட்டாப் பதிப்பில் காற்றின் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் அம்பின் கூர் வடகிழக்கைப் பார்க்கும். எங்கே போகிறது என்று காட்டும் அம்பு அது. ஆனால் எங்கள் ஆட்கள் காற்றை அது வருகிற இடத்தை வைத்துத்தான் பேசுவார்கள். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. வாடை என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. வானிலைத் திணைக்களத்தின் அறிக்கையும் அப்படித்தான் எழுதுகிறது: காற்று தென்மேற்குத் திசையிலிருந்து வீசும் என்று. ஆக, மீனவரும் திணைக்களமும் ஒரே பக்கம் நிற்க, அம்பு மட்டும் எதிர்ப்பக்கம் நின்றது. ஒருவர் வடகிழக்கு நோக்கிய கூரைப் பார்த்து, ‘இந்த மாதத்தில் எப்படி வாடை வரும்?’ என்று கேட்டுச் செயலியையே நம்பாமல் விட்டுவிட்டார். இன்னும் இருவர் அம்பைத் தலைகீழாக வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். பழகியவர்கள் குறையென்று எதையும் சொல்லவில்லை. சொன்னவர் நம்பாமல் விட்டவர்தான்.

மென்பொருள் எழுதியவர்கள் அதைச் சரியாகவே திருத்தினார்கள். வெளியீட்டுப் பதிப்பில் அம்பின் கூர் காற்று வரும் பக்கத்தைப் பார்க்கிறது, பக்கத்தில் ‘சோளகம்’ என்று எழுத்திலும் வருகிறது. நல்ல திருத்தம். ஆனால் கடிதத்தில் அது ‘காற்றுக் காட்டி மேம்படுத்தப்பட்டது’ ஆகிவிட்டது. அம்பைத் தலைகீழாக வாசிக்கப் பழகிய அந்த இருவருக்கும், அம்பு இப்போது திரும்பிவிட்டது என்ற செய்தி அந்த வரியிலிருந்து போய்ச் சேருமா? அவர்கள் புதிய அம்பையும் பழைய பழக்கத்தில் தலைகீழாகத்தான் வாசிப்பார்கள். ‘மேம்படுத்தப்பட்டது’ என்ற சொல் நடந்ததை மறைத்தது. நடந்ததை அப்படியே எழுதியிருந்தால் இரண்டு வாக்கியம்: ‘அம்பு முன்பு காற்று போகும் பக்கத்தைக் காட்டியது, இப்போது வரும் பக்கத்தைக் காட்டுகிறது. சோளகம், வாடை என்று பெயரும் பக்கத்தில் இருக்கும்.’ இதைக் கேட்டால் குறை சொன்னவர் தன் பேச்சை அடையாளம் காண்பார். பழகியவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள்.

மாற்றப் பட்டியலின் முதல் பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. சோதனை செய்தவர் தன் சொல்லைக் கடிதத்தில் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துச் சரிதான் என்று தெளிய வேண்டும். அப்படித் தெளிய முடியாத வரி எத்தனை அழகாக இருந்தாலும் அது அலங்காரம். முன்பு எப்படி, இப்போது எப்படி என்ற இரண்டும் ஒரு வரியில் இல்லையென்றால் சரிபார்க்க வழியே இல்லை.

இந்த வழக்கத்தின் மிக நன்றாக எழுதிவைக்கப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவிலிருந்து வருகிறது. எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் 1996இல் ‘பாப்கிளையன்ட்’ என்ற சிறு மென்பொருளை அதன் ஆசிரியரிடமிருந்து பொறுப்பேற்றார். தூரத்து வழங்கியில் கிடக்கும் மின்னஞ்சலைத் தன் கணினிக்கு இழுத்துவருவது அதன் வேலை. அதைப்பற்றித் தனக்கு எழுதிய எல்லோரையும் அவர் பீட்டாப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அவர்களுக்கு உரையாடல் நடையில் அறிவிப்பு எழுதி, என்ன மாறியது, இன்னும் என்ன குழப்பம் இருக்கிறது என்று சொன்னார். வடிவமைப்பில் ஐயம் வந்தால் அவர்களிடமே கேட்டார். திருத்தம் அனுப்பியவர்களை மற்றவர்கள் அறியப் பாராட்டினார். பட்டியல் 300 பேரை நெருங்கியது.

அந்தப் பட்டியல் அவருக்குக் கொடுத்த மிகப் பெரிய மாற்றம், அவர் கேட்காமலே வந்தது. ஹாரி ஹோக்ஹைசர் என்ற பயனர் ஒரு நாள் சிறு நிரல்துண்டு ஒன்றை அனுப்பினார். இழுத்துவந்த அஞ்சலைக் கணினியின் கோப்பில் தானே கொண்டுபோய் வைப்பதற்குப் பதிலாக, அதே கணினியில் அஞ்சல் பெறுவதற்கென்றே இருக்கும் நிரலிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது அதன் உள்ளடக்கம். கேட்கச் சிறிய யோசனை. ஆனால் அதை ஏற்றதும், கோப்பைப் பூட்டுவது, எந்த இடத்தில் வைப்பது, வட்டு நிரம்பினால் என்ன செய்வது என்று ரேமண்ட் சேர்த்துவைத்திருந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி தேவையற்றதாகிவிட்டது. மென்பொருளின் அமைப்பே மாறியது, பெயரும் ‘ஃபெட்ச்மெயில்’ என்று மாறியது. இந்தக் கதையை 1997 மே மாதம் ஜெர்மனியில் வாசித்த தன் கட்டுரையில் ரேமண்ட் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: திருப்பம் தன்னுடைய யோசனையல்ல, இன்னாருடையது என்று பெயரோடு.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி வேறொன்று. 1997 மே மாதக் கடைசியில் பட்டியலிலிருந்து சிலர் தங்களை நீக்கிவிடும்படி கேட்டார்கள். காரணம், மென்பொருள் நன்றாக ஓடுகிறது, இனிப் பட்டியலில் வருவதைப் பார்க்கத் தேவையில்லை என்பது. சோதனை செய்தவர்கள் தங்கள் வேலை முடிந்ததென்று தாங்களே உணர்ந்து எழுந்துபோன இடம் அது. தாங்கள் சொன்னது என்ன ஆனது என்று வெளியீடுதோறும் தெரிந்துகொண்டவர்களால்தான் அப்படி எழுந்துபோக முடியும்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டை அப்படியே தூக்கிவந்து எங்கள் கரையில் வைக்க முடியாது. ரேமண்டின் சோதனையாளர்கள் பலர் தாமே நிரல் எழுதத் தெரிந்தவர்கள். ‘அஞ்சல் ஒப்படைப்பு மாறியது’ என்று அரை வரி எழுதினாலே அவர்களுக்குப் புரியும், புரியாவிட்டால் மூலநிரலைத் திறந்து பார்ப்பார்கள். உடப்பில் கருத்துச் சொன்னவர்களில் ஒருவரிடம் தொடுதிரைத் தொலைபேசியே இல்லை. மகன் வாசித்துக்காட்ட, கேட்டுவிட்டுக் குறை சொன்னவர் அவர். அவருக்கு எழுதும் பட்டியலில் எந்த வரியும் தானே விளங்க வேண்டும், வாய்விட்டு வாசித்தால் பேச்சாகக் கேட்க வேண்டும். ரேமண்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய நடையையல்ல. யார் சொல்லி மாறியது என்பதை மறைக்காத அந்தப் பழக்கத்தை.

அந்தப் பழக்கம் எங்கள் கடிதத்தில் எங்கே தவறியது என்பதற்கு ஏழாவது வரி சாட்சி. ‘புதிய வசதி: தரைப் பகுதிக்கான மழை முன்னறிவிப்பு’ என்றிருந்தது. செயலியின் முதல் திட்டத்தில் இது இல்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கான செயலி என்பதால் காற்றும் அலையும் மட்டும் இருந்தன. ஒரு மீனவரின் மனைவி, கருவாடு காயப்போடுகிறவர், கணவரின் தொலைபேசியில் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “கடல்ல அடிக்கிற காத்தச் சொல்லுது, எங்கட பாயில விழுற மழையச் சொல்லாதா?” பாதி காய்ந்த மீனில் மழை விழுந்தால் புழு வைக்கும், நிறம் மாறும், விலை போய்விடும். நான் அதை எழுதி அனுப்பினேன். அவர் சோதனையாளர் பட்டியலில் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. ஃபெட்ச்மெயிலில் நடந்ததுபோலவே இங்கும் திசையைத் திருப்பிய சொல் கேட்காத இடத்திலிருந்து வந்தது. ஆனால் கடிதத்தில் அது நிறுவனத்தின் சொந்த யோசனைபோல, ‘புதிய வசதி’ என்று தனியாக நின்றது. பதினான்கு பெயர்களில் அவர் பெயர் இல்லை. அவருக்குக் கடிதமும் வரவில்லை.

இதில் களவு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். மென்பொருள் குழுவில் ஒருவர் குறைகளைத் தொகுப்பார், இன்னொருவர் நிரல் எழுதுவார், மூன்றாமவர் கடிதம் எழுதுவார். குறை கை மாறிக் கை மாறி வரும்போது சொன்னவரின் பெயர் முதலில் உதிர்கிறது, பிறகு சொன்ன காரணம் உதிர்கிறது, கடைசியில் வேலையின் தலைப்பு மட்டும் மிஞ்சுகிறது. கடிதம் எழுதுகிறவர் கையில் இருப்பது முடிந்த வேலைகளின் தலைப்புகள்தான். அதிலிருந்து ‘உங்கள் கருத்துகளால்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. எது சோதனையாளர் சொல்லி நடந்தது, எது எப்படியும் செய்வதாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. எங்கள் கடிதத்தின் முதல் வரி, ‘செயலி இப்போது வேகமாகத் திறக்கும்’ என்பது. எங்கள் ஊரில் ஒருவரும் வேகத்தைப்பற்றிச் சொல்லவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும், எல்லாக் குறையும் என் கையால் போனது. செய்த வேலைக்கெல்லாம் சோதனையாளரைக் காரணமாகக் காட்டுவது மரியாதைபோலத் தோன்றும். உண்மையில் சொன்னவர் சொல்லின் எடையை அது குறைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் நீங்களே காரணம் என்று கேட்டவர், எதற்கும் தாம் காரணமில்லை என்றே விளங்கிக்கொள்கிறார்.

இந்த உதிர்வைத் தடுக்க லினக்ஸ் கருநிரல் எழுதுகிறவர்களிடம் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. திருத்தத்தின் அடியில், குறையைச் சொன்னவர் யார், திருத்தத்தைச் சோதித்தவர் யார் என்று ஒவ்வொரு வரி சேர்ப்பார்கள்:

```
Reported-by:
Tested-by:
```

கடிதம் எழுதும் நாளில் நினைவைத் தேட வேண்டியதில்லை, திருத்தத்தோடு பெயரும் சேர்ந்தே பயணப்படுகிறது. சிறு குழுவுக்கு இவ்வளவு ஒழுங்குகூட வேண்டாம். குறைகளைத் தொகுக்கும் அட்டவணையில் ‘சொன்னவர்’, ‘சொன்ன சொல்’ என்று இரண்டு பத்திகளை யாரும் அழிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாலே போதும். குறிப்பாக இரண்டாவது பத்தி. ‘மழை முன்னறிவிப்புத் தேவை’ என்று சுருக்கி எழுதியதும் பாயும் கருவாடும் போய்விடுகின்றன. அவை போனால் எந்த நேரத்து மழை, எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் போய்விடும். கருவாட்டுக்காரருக்கு வேண்டியது பாயைச் சுருட்டி உள்ளே எடுக்கப் போதிய நேரம்.

பெயர் போடுவதிலும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை சிற்றூரில் நகரத்தைவிட நெருக்கமாக இருக்கிறது. எங்களில் ஒருவர் ஒரு மிக முக்கியமான தகவல் தந்தார். எச்சரிக்கை வந்த ஒரு நாளில் அவர் அதை மீறிக் கடலுக்குப் போயிருக்கிறார். செயலி சொன்ன காற்றும் கடலில் அடித்த காற்றும் எவ்வளவு பொருந்தின என்று அவரால்தான் சொல்ல முடிந்தது. அந்தத் தகவலால்தான் எச்சரிக்கையின் வாசகம் கடுமையானது. அதை அவர் பெயரோடு பட்டியலில் போட்டால், எச்சரிக்கை நாளில் போனவர் இன்னார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், முதலில் அவர் வீட்டுக்குத் தெரியும். கடிதம் எல்லாப் பெயரையும் அடியில் மொத்தமாகப் போட்டதால் இந்த ஆபத்து வரவில்லை. ஆனால் அது தற்செயல். மொத்தமாகப் பெயர் போடுவதற்கும் அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை. லினக்ஸ்காரர்களின் வழிகாட்டி இதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறது: குறையைத் தனிப்பட்ட முறையில் சொன்னவர் என்றால், பெயர் சேர்ப்பதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். நான் இன்னும் ஒரு படி போவேன். பட்டியலின் எந்த வரியோடு பெயர் சேர்கிறது என்பதையும் காட்டிக் கேட்க வேண்டும். ‘உங்கள் பெயர் போடலாமா’ என்ற கேள்விக்கு ஆம் என்றவர், ‘இந்த வரிக்குப் பக்கத்தில் போடலாமா’ என்றால் இல்லை என்று சொல்லலாம்.

இனி, கடிதத்தின் மிகப் பெரிய குற்றத்துக்கு வருகிறேன். ஐந்தாவது வரி: ‘காலை அறிவிப்புகள் இப்போது விரைவாக வரும்.’

சோதனைக் காலத்தில் பதினான்கு பேரில் பெரும்பாலோர் சொன்ன ஒரே குறை இதுதான். அறிவிப்பு ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வருகிறது, தாங்கள் கடலில் இறங்குவது மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும். இறங்கிய பிறகு வரும் எச்சரிக்கையால் என்ன பயன்? மென்பொருள் குழு இதைக் கேட்டு, தங்கள் வழங்கியிலிருந்து தொலைபேசிக்குச் செய்தி போகும் நேரத்தைச் சுருக்கினார்கள். இருபது நிமிடத் தாமதம் ஓரிரு நிமிடமானது. அவர்களைப் பொறுத்தவரை குறை தீர்ந்தது, பட்டியலில் ஏறியது. ஆனால் செயலிக்குச் செய்தி வருவதே வானிலைத் திணைக்களத்தின் அறிக்கையிலிருந்து. காலை அறிக்கை 5.30 என்ற நேரக் குறிப்போடு வெளியாகிறது. அதற்கு முன் அனுப்ப எந்த வழங்கியாலும் முடியாது. ஆக, நான்கு மணிக்கு இறங்குகிறவருக்கு எதுவும் மாறவில்லை.

பட்டியலைக் கேட்ட இளைஞர் ஒருவர் உடனே சொன்னார்: “அப்போ இனி இறங்க முதலே வந்துடும்.” அவரைக் குறை சொல்ல முடியாது. தான் சொன்ன குறை, ‘உங்கள் கருத்துகளால்’ என்ற தலைப்பின் கீழ், தீர்ந்த குறையாக வந்திருக்கிறது. அப்படித்தான் எவரும் விளங்கிக்கொள்வார். இனி நான்கு மணிக்குத் தொலைபேசியைப் பார்ப்பார், எச்சரிக்கை எதுவும் இருக்காது, எச்சரிக்கை இல்லையென்றால் கடல் நல்லது என்று இறங்குவார். திரையில் இருப்பது முந்திய நாள் அறிக்கை என்பது அவருக்குத் தெரியாது. பீட்டாக் காலத்தில் செயலியை அவர் இந்த அளவு நம்பவில்லை. கடிதம்தான் நம்ப வைத்தது.

செய்த மாற்றத்துக்கும் சொன்ன குறைக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றப் பட்டியல் எளிதில் மூடிவிடுகிறது என்பதுதான் இந்த வழக்கத்தின் அடிப்படைக் குறை. ‘இதைச் செய்தோம்’ என்பது உண்மை. ‘உங்கள் குறை தீர்ந்தது’ என்பது உண்மையல்ல. தலைப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இதைச் சொன்னவர் நாளை என்ன வித்தியாசமாகச் செய்வார்?’ என்று கேட்டுப் பார்ப்பது. அம்பு வரிக்கு விடை இருக்கிறது, அம்பை நேராக வாசிப்பார். மழை வரிக்கும் இருக்கிறது. ஐந்தாவது வரிக்கு வரும் விடை, செய்யக்கூடாததைச் செய்வார் என்பது.

அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? ‘இறங்குவதற்கு முன் காலை எச்சரிக்கை வேண்டும் என்று கேட்டீர்கள். திணைக்களத்தின் காலை அறிக்கை 5.30க்கு வருவதால் எங்களால் அதைத் தர முடியவில்லை. நான்கு மணிக்குத் திரையில் இருப்பது முந்திய நாள் அறிக்கை என்பதை நினைவில் வையுங்கள்.’ நன்றிக் கடிதத்தில் முடியவில்லை என்று எழுதுவது பலருக்குச் சங்கடமாக இருக்கும். விழாவில் துக்கம் பேசுவதுபோல. ஆனால் செய்யாததைப் பட்டியலிடாத கடிதத்தில் செய்ததை நம்ப முடியாது. கரைவலை ஏறியபின் எங்கள் கரையில் மீன் விற்ற பணம் எவ்வளவு என்பதோடு செலவு எவ்வளவு கழிந்தது என்பதையும் கேட்டுத்தான் ஆட்கள் பங்கை வாங்குவார்கள். வரவை மட்டும் சொல்லும் சம்மாட்டியிடம் அடுத்த நாள் கயிறு பிடிக்க ஆள் நிற்காது.

கேட்டும் கிடைக்காத இன்னொன்றும் இருந்தது. அதைக் கடிதம் தொடவேயில்லை. உடப்புக் கடலுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று நான்கு பேர் கேட்டிருந்தார்கள். திணைக்களத்தின் அறிக்கை கடலை நீண்ட துண்டுகளாகப் பிரிக்கிறது. எங்கள் ஊர் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இருக்கிறது. சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று ஒரே வாக்கியத்தில் வரும் நாளில், எங்கள் கரைக்கும் வடக்கின் முனைக்கும் ஒரே காற்று, ஒரே அலை. இதற்குள் உடப்பைத் தனியே வெட்டியெடுக்கச் செயலியால் முடியாது, வெட்டியெடுத்தால் அது கற்பனை எண்ணாக இருக்கும். குழு அதைச் செய்யாமல் விட்டது முற்றிலும் சரி. ஏன் விட்டது என்று இரண்டு வரி எழுதியிருந்தால், திரையில் வரும் எண் உடப்புக்கு மட்டுமானதல்ல, நீண்ட கரைக்கான பொது எண் என்ற அறிவு அந்த நான்கு பேருக்கும் கிடைத்திருக்கும். பட்டியலில் இருந்த ஒன்பது வரியில் எதையும்விட அது பயன்பட்டிருக்கும்.

தன் தவறுகளையும் மறைக்காமல் வகைபிரித்துப் பதிந்துவைத்த ஒருவரை இந்த இடத்தில் நினைக்கிறேன். கணித நூல்களை அச்சிடும் ‘டெக்’ மென்பொருளை உருவாக்கிய டொனால்டு கனூத், அதில் தான் செய்த மாற்றங்களை 1978இலிருந்து ஒரு பதிவேட்டில் எழுதிவந்து 1989இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எழுத்தை அடையாளமாகக் கொடுத்தார். மொத்தம் 15 வகை. தான் செய்த மடத்தனமான தவறு ஒரு வகை, எழுத்துப்பிழை ஒரு வகை, மறந்துபோனது ஒரு வகை, பயனருக்கு வசதியாகச் சேர்த்தது வேறு வகை. தவறைத் திருத்தியதையும் புதிதாகச் சேர்த்ததையும் ஒரே ‘மேம்பாடு’ என்ற குடைக்குள் நிறுத்தவில்லை. பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்குக் காசோலையும் அனுப்பினார். தொகை சிறிது, பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். அந்தக் காசோலைக்கு மதிப்பு வந்தது, எது பிழை என்று ஒத்துக்கொள்ளும் ஏடு ஒன்று அதன் பின்னால் இருந்ததால்.

அந்த அளவு ஒழுங்கை ஓர் ஊர்ச் செயலியிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இப்போது சிறு குழுக்களும் சோதனையாளர்களைத் தேடித்தான் ஆகவேண்டும். கூகுள் 2023 நவம்பர் 13க்குப் பின் திறக்கப்பட்ட தனிநபர் நிரலாளர் கணக்குகளுக்கு ஒரு விதி வைத்தது: குறைந்தது 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே செயலியைப் பொதுவில் வெளியிட அனுமதி கேட்கலாம். அடுத்த ஆண்டு 20 பேர் என்பது 12 ஆகக் குறைந்தது. அனுமதி கேட்கும் படிவத்தில், சோதனையில் என்ன கருத்து வந்தது, அதனால் என்ன மாற்றினீர்கள் என்ற கேள்விகளும் உண்டு. விதியின் நோக்கம் நல்லது. விளைவில் எனக்குக் கவலை உண்டு. நிறுவனத்துக்குக் காட்ட எழுதிய அந்த விடைதான், கொஞ்சம் மெருகேறி, நன்றிக் கடிதமாகச் சோதனையாளரிடம் வருகிறது. அனுமதி தருகிறவர் வாசிக்க எழுதிய பட்டியலில் தீராத குறைக்கு இடமிருக்காது. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரதிசெய்யாமல் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். அதற்கு அரை நாள் போகும், அவ்வளவுதான்.

இந்த விமர்சனத்தையெல்லாம் நான் அந்தக் குழுவுக்கு எழுதினேன். ஐந்தாவது வரியை முதலில் வைத்து, நீளமாகவே எழுதினேன். அவர்கள் சிறு குழு, நல்ல மனம் உள்ளவர்கள், மறுமொழியும் பணிவாகவே வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த புதுப்பித்தலில், திரையின் உச்சியில் ஒரு சிறு வரி சேர்ந்திருந்தது: அறிக்கை எந்த நாளுக்குரியது, எத்தனை மணிக்கு வெளியானது என்று. முந்திய நாள் அறிக்கை என்றால் அந்த வரி சிவப்பில் இருக்கும். தொடுதிரைத் தொலைபேசி இல்லாத பெரியவரின் மகன் இப்போது அப்பாவுக்கு வாசிக்கும்போது அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறார்.

அந்த மாற்றத்துக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. செயலிக் கடையின் பக்கத்தில் புதுப்பித்தலின் கீழே ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் இருந்தது. சிவப்பு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பதினான்கு பேருக்கும், கருவாட்டுப் பாய் விரித்திருந்த அந்த அம்மாவுக்கும், நான் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வீட்டில் ஆள் இல்லை, வாடிக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.